20 சதவீதம் என்றார்கள், கொட்டித் தீர்த்துவிட்டது: மழைக் கணிப்புக்கு மார்க் போடுவது எப்படி?

குன்னூரில் நாளைக்கு மழை வாய்ப்பு 20 சதவீதம்தான் என்று போட்டிருந்தார்கள். நம்பி வெளியே போனால் கொட்டித் தீர்த்துவிட்டது. இது தப்பான கணிப்புதானே?

அந்த ஒரு நாளை வைத்து அது தப்பு என்றும் சொல்ல முடியாது, சரி என்றும் சொல்ல முடியாது. 20 சதவீதம் என்றவர் மழை வராது என்று சொல்லவில்லை. இதுபோன்ற நிலைமை ஐந்து முறை அமைந்தால் அதில் ஒரு முறை பெய்யும் என்றுதான் சொல்கிறார். அந்த ஒரு முறை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது.

கணக்காகவே பார்த்துவிடலாம். ஒருவர் வெவ்வேறு பத்து நாட்களுக்கு 20 சதவீதம் என்று சொல்கிறார், அவர் சொல்வது அச்சுப் பிசகாமல் சரி என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாள் மழை பெய்யாமலிருக்க வாய்ப்பு 0.8. ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் தொடர்பில்லை என்றால், பத்து நாளும் பெய்யாமலிருக்க 0.8-ஐப் பத்து முறை பெருக்க வேண்டும். 0.107 வரும். அதாவது அந்தப் பத்து நாளில் ஒரு நாளாவது மழை பெய்ய ஏறக்குறைய 89 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. ஆகவே நல்ல கணிப்பாளர் சொன்ன 20 சதவீத நாட்களில் அவ்வப்போது மழை பெய்துதான் ஆக வேண்டும். ஒரு பருவம் முழுக்க 20 என்று சொன்ன எந்த நாளிலும் சொட்டுகூட விழவில்லை என்றால்தான் அவர்மேல் எனக்குச் சந்தேகம் வரும். 2 அல்லது 5 என்று சொல்ல வேண்டிய நாட்களுக்கெல்லாம், பெய்துவிட்டால் திட்டு விழுமே என்று பயந்து, 20 போடுகிறார் என்று அர்த்தம்.

அப்போ எந்த எண்ணைச் சொன்னாலும் தப்பித்துக்கொள்ளலாமே? பெய்தாலும் சரி, பெய்யாவிட்டாலும் சரி என்றாகிவிடுகிறதே.

ஒரு நாளில் தப்பித்துக்கொள்ளலாம். நூறு நாளில் முடியாது.

அவர் 20 சதவீதம் என்று சொன்ன நாட்களை மட்டும் தனியாக எடுத்து ஒன்றாக வையுங்கள். அதில் எத்தனை நாள் மழை பெய்தது என்று எண்ணுங்கள். ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி வர வேண்டும். 70 சதவீதம் என்று சொன்ன நாட்களை இன்னொரு பக்கம் வையுங்கள், அதில் பத்துக்கு ஏழு பெய்திருக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு எண்ணுக்கும் பார்த்தால், அவர் சொல்லும் எண்ணும் வானம் காட்டும் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும். இதை நம்பகத்தன்மை என்பார்கள்.

எத்தனை நாள் வேண்டும் என்பதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். 20 என்று சொன்ன நாட்கள் உங்கள் கையில் 20 மட்டும் இருந்தால், எதிர்பார்ப்பது 4 மழை நாள். ஆனால் தற்செயலால் மட்டுமே அது 1 ஆகவும் இருக்கலாம், 7 ஆகவும் இருக்கலாம். அதில் கணிப்பாளரின் குற்றம் ஏதுமில்லை. 20 என்று சொன்ன நாட்கள் 100 சேர்ந்தால் 12-க்கும் 28-க்கும் நடுவில் வருவது சாதாரணம். 45 வந்தால் அவர் மழையைக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று தைரியமாகச் சொல்லலாம். மூன்று நாள் பார்த்துவிட்டுச் சொன்னால் அது வெறும் கோபம்.

சரி, மார்க் எப்படிப் போடுகிறார்கள்? ஒரு உதாரணத்தோடு சொல்லுங்கள்.

மழை உண்டா இல்லையா என்ற கேள்விக்குப் பெரிதும் பயன்படுவது பிரையர் மதிப்பெண். அமெரிக்க வானிலைத் துறையில் இருந்த கிளென் பிரையர் 1950-ல் வெளியிட்ட முறை இது. சொன்ன சதவீதத்தைப் பின்னமாக எழுதுங்கள், 20 என்றால் 0.2. மழை பெய்திருந்தால் 1, பெய்யாவிட்டால் 0. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்துங்கள். எல்லா நாளுக்கும் செய்து சராசரி எடுங்கள். இது பிழையின் அளவு என்பதால் குறையக் குறைய நல்லது. 0 என்றால் ஒரு நாளும் பிசகாதவர், 1 என்றால் தினமும் முழு உறுதியோடு தப்பாகச் சொன்னவர்.

குன்னூருக்கு நவம்பரில் பத்து நாள் கணிப்பு என்று வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. முதலாமவர் சதவீதம் சொல்கிறார். இரண்டாமவர் "உண்டு", "இல்லை" என்று அடித்துச் சொல்கிறார், அதை 100, 0 என்று எடுத்துக்கொள்கிறோம்.

| நாள் | முதலாமவர் | இரண்டாமவர் | நடந்தது | முதலாமவர் பிழை | இரண்டாமவர் பிழை |
|---|---|---|---|---|---|
| 1 | 80 | உண்டு | மழை | 0.04 | 0 |
| 2 | 70 | உண்டு | மழை | 0.09 | 0 |
| 3 | 60 | உண்டு | இல்லை | 0.36 | 1 |
| 4 | 20 | உண்டு | மழை | 0.64 | 0 |
| 5 | 20 | இல்லை | இல்லை | 0.04 | 0 |
| 6 | 10 | இல்லை | இல்லை | 0.01 | 0 |
| 7 | 70 | உண்டு | மழை | 0.09 | 0 |
| 8 | 40 | இல்லை | மழை | 0.36 | 1 |
| 9 | 30 | இல்லை | இல்லை | 0.09 | 0 |
| 10 | 20 | இல்லை | இல்லை | 0.04 | 0 |

முதலாமவரின் பிழைகளைக் கூட்டினால் 1.76, சராசரி 0.176. இரண்டாமவருக்கு 2, சராசரி 0.2. நான்காம் நாளைப் பாருங்கள். ஊரே முதலாமவரைத் திட்டியிருக்கும், இரண்டாமவரைத் தலையில் தூக்கி வைத்திருக்கும். முதலாமவரின் மொத்தப் பிழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒரே நாளில் வந்திருக்கிறது. அவருக்கு அன்று சலுகை ஏதும் கிடைக்கவில்லை, 0.64 என்பது பெரிய அபராதம். அதையும் சேர்த்துத்தான் பத்து நாளில் அவர் ஒரு துளி முன்னால் நிற்கிறார். மூன்றாம் நாளும் எட்டாம் நாளும் இரண்டாமவர் முழு உறுதியோடு தப்பாகச் சொன்னார். முதலாமவர் அதே நாட்களில் தயக்கத்தை எண்ணாகவே சொல்லியிருந்தார்.

பத்து நாளில் வந்த இந்தச் சிறு வித்தியாசத்தை வைத்து யார் மேல் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒரு நாள் மாறியிருந்தாலே வரிசை மாறியிருக்கலாம். கணக்கு எப்படி நடக்கிறது என்று காட்டத்தான் இது.

வித்தியாசத்தை எதற்கு வர்க்கப்படுத்த வேண்டும்? நேரடியாகக் கூட்டினால் ஆகாதா?

நேரடியாகக் கூட்டினால் கணிப்பாளரைப் பொய் சொல்லத் தூண்டுகிற முறையாகிவிடும். இந்த விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒருவர் எல்லா வானிலைப் படங்களையும் பார்த்துவிட்டு, மனசாட்சிப்படி 70 சதவீதம் என்று நினைக்கிறார். வித்தியாசத்தை அப்படியே கூட்டும் முறையில், 70 என்று சொன்னால் மழை பெய்தால் பிழை 0.3, பெய்யாவிட்டால் 0.7. பத்துக்கு ஏழு தடவை முதலாவது, மூன்று தடவை இரண்டாவது. சராசரியாக 0.42. அவரே மனதில் உள்ளதை மறைத்து 100 என்று சொன்னால், ஏழு தடவை பிழை 0, மூன்று தடவை 1. சராசரி 0.3. பொய் சொன்னவருக்கு நல்ல மார்க்!

வர்க்கப்படுத்திப் பாருங்கள். 70 என்றால் ஏழு தடவை 0.09, மூன்று தடவை 0.49, சராசரி 0.21. 100 என்றால் பழையபடி 0.3. 50 என்று பதுங்கினால் எப்போதும் 0.25. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் மார்க் மோசமாகிறது. மனதில் உள்ள எண்ணை அப்படியே சொல்பவருக்குத்தான் நல்ல மார்க் கிடைக்கும்படி இந்த முறை அமைந்திருக்கிறது.

எனக்கு இது ஒத்துவரவில்லை. இரண்டாமவர் பத்துக்கு எட்டு சரியாகச் சொன்னாரே. அதைவிட எளிய மார்க் என்ன வேண்டும்?

பத்துக்கு எட்டு என்பது காதுக்கு நன்றாக இருக்கும், ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பள்ளம் இருக்கிறது. 1884-ல் அமெரிக்க ராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவில் இருந்த ஜான் ஃபின்லி, சூறாவளிச் சுழல் வருமா வராதா என்று சொல்லிப் பார்த்தார். மொத்தம் 2,803 கணிப்புகள். 28 தடவை வரும் என்று சொல்லி வந்தது. 72 தடவை வரும் என்று சொல்லி வரவில்லை. 23 தடவை வராது என்று சொல்லி வந்துவிட்டது. மீதி 2,680 தடவை வராது என்றார், வரவில்லை. சரியானதைக் கூட்டினால் 96.6 சதவீதம்.

அதே ஆண்டில் கில்பர்ட் என்ற நிலவியலாளர் இதை எடுத்துப் பிரித்துப் போட்டார். ஒன்றுமே படிக்காமல் 2,803 தடவையும் "வராது" என்று சொல்லியிருந்தால் 98.2 சதவீதம் சரியாக இருந்திருக்கும். ஆனால் வந்த 51 சுழல்களில் ஒன்றைக்கூடச் சொல்லியிருக்க முடியாது. சும்மா கிடைக்கிற "வராது" நாட்களைத் தள்ளிவிட்டு, பலித்த 28-ஐ, பலித்தவை, வீணானவை, தவறவிட்டவை மூன்றின் கூட்டுத்தொகையான 123-ஆல் வகுத்தால் 23 சதவீதம் வரும். ஃபின்லியின் உண்மையான உழைப்பு அங்கே தெரிகிறது. சும்மா "வராது" என்பவருக்கு இந்தக் கணக்கில் 0.

ஊட்டியில் ஜனவரி, பிப்ரவரியில் தினமும் "மழை இல்லை" என்று யார் வேண்டுமானாலும் சொல்லிப் பெரிய மார்க் வாங்கலாம். உறைபனி விழுகிற அந்த வறண்ட மாதங்களில் மழை நாள் அத்தனை குறைவு. ஜூலையில் கூடலூர்ப் பக்கத்துத் தேவாலாவில் தினமும் "மழை உண்டு" என்பதும் அதே மாதிரிதான்.

0.176 என்று வந்தால் அது நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரியும்?

தனியாக வைத்தால் தெரியாது. ஒன்றுமே தெரியாதவர் வாங்கும் மார்க்கோடு ஒப்பிட வேண்டும். அந்த ஊரில், அந்த மாதத்தில், பல வருடப் பதிவுகளில் எத்தனை சதவீத நாள் மழை பெய்ததோ அதையே தினமும் சொல்பவரை அடிப்படையாக எடுப்பார்கள்.

நம் பத்து நாள் உதாரணத்தில் அது 50 சதவீதம் என்று வைத்தால், தினமும் 50 சொல்பவரின் பிழை 0.25. முதலாமவர் 0.176. 1-இலிருந்து 0.176/0.25-ஐக் கழித்தால் 0.30. பழைய சராசரியை மட்டும் நம்பியிருந்தால் வரும் பிழையில் 30 சதவீதத்தைக் குறைத்திருக்கிறார். இரண்டாமவர் 20 சதவீதம் குறைத்திருக்கிறார். இதைத் திறன் மதிப்பெண் என்கிறார்கள். எதிர்மறையாக வந்தால், அவர் பேசாமல் பழைய சராசரியையே படித்துச் சொல்லியிருக்கலாம் என்று பொருள்.

ஊர் விட்டு ஊர் ஒப்பிடும்போது இது ரொம்ப முக்கியம். பத்தில் ஒரு நாள்தான் மழை பெய்யும் இடத்தில், தினமும் 10 என்று சொல்பவருக்கே பிழை 0.09 தான். பாதி நாள் பெய்யும் இடத்தில் அதே சோம்பேறிக்கு 0.25. ஊட்டிக்கு ஜனவரியில் 0.09 வாங்கியவர் எதுவும் சாதிக்கவில்லை. குன்னூருக்கு நவம்பரில் 0.176 வாங்கியவர் உழைத்திருக்கிறார்.

"நீலகிரியில் மழை" என்றார்கள். கோத்தகிரியில் எங்கள் வாசலில் ஒரு சொட்டு இல்லை. இதையும் சரி என்று சொல்லப்போகிறீர்களா?

முதலில் என்ன சொன்னார்கள் என்பதை வார்த்தை வார்த்தையாகப் பார்க்க வேண்டும். எந்த இடம், எந்த நேரம், எவ்வளவு மழை. இந்த மூன்றும் இல்லாத கணிப்புக்கு மார்க் போட முடியாது.

இடம். இந்திய வானிலை ஆய்வு மையம் "ஓரிரு இடங்களில்" என்று சொன்னால், அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் அதிகபட்சம் 25 சதவீதத்தில் மழை பதிவாகும் என்று அர்த்தம். முக்கால்வாசி இடம் காய்ந்தே இருக்கும் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். நீலகிரியில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து வந்து கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கத்துச் சரிவுகளில் ஏறும்போது மழையைக் கொட்டிவிடுகிறது. தொட்டபெட்டா முகட்டைத் தாண்டிக் கோத்தகிரிப் பக்கம் இறங்கும்போது காற்றில் அவ்வளவு ஈரம் மிச்சமிருப்பதில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தபோது, மாவட்டத்தின் கிழக்கு ஓரத்துக்கு அதில் சிறு பங்குதான் வந்தது. அக்டோபர், நவம்பரில் கதை திரும்பிவிடும். வங்கக் கடலிலிருந்து வரும் கிழக்குக் காற்று பர்லியாறு, குன்னூர், கோத்தகிரிச் சரிவில் ஏறும். அங்கே கொட்டும், கூடலூரில் வெயில் அடிக்கும்.

கணினி மாதிரிகளுக்கும் இது சிரமம். 12 கிலோமீட்டர் கட்டங்களாக உலகத்தைப் பிரித்துப் பார்க்கும் மாதிரியில் ஊட்டியும் குன்னூரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள், சில சமயம் ஒரே கட்டம். நடுவில் இருக்கும் தொட்டபெட்டா, அந்தக் கட்டத்தின் சராசரி உயரமாகத் தட்டையாகிப் போகிறது. குன்னூரில் பெய்யும் என்று சொன்ன மேகம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கோத்தகிரியில் பெய்தால், கணக்கில் இரண்டு அபராதம் விழும்: குன்னூரில் வீணான கணிப்பு, கோத்தகிரியில் தவறவிட்ட மழை. அன்றைக்கு மழையே இல்லை என்று சொன்னவருக்கு ஒரே ஒரு அபராதம்தான். இது நியாயமில்லை என்பதால், ஒரு புள்ளியை மட்டும் பார்க்காமல் சுற்றியுள்ள சில கிலோமீட்டர் வட்டத்துக்குள் எவ்வளவு பங்கில் மழை சொல்லப்பட்டது, எவ்வளவு பங்கில் பெய்தது என்று ஒப்பிடும் முறைகளும் இருக்கின்றன.

நேரம். நம் நாட்டில் மழை அளப்பது காலை 8.30-க்கு. செவ்வாய் காலை 8.30-க்கு எடுக்கும் அளவு, திங்கள் காலை 8.30-இலிருந்து பெய்த மழை. செவ்வாய் விடிகாலை 5 மணிக்குப் பெய்தது செவ்வாய்க் காலை அளவில் சேரும், 9 மணிக்குப் பெய்தது புதன் அளவுக்குப் போய்விடும். இது தெரியாமல் நாட்காட்டித் தேதியோடு ஒப்பிட்டால் சரியான கணிப்புகூடத் தப்பாகத் தெரியும். போனில் வரும் சதவீதம் ஒரு மணி நேரத்துக்கா, நாள் முழுவதற்குமா என்பதையும் பாருங்கள். ஒவ்வொரு மணிக்கும் 20 என்று இருந்தால், நாள் முழுக்கப் பார்க்கும்போது வாய்ப்பு 20-க்கு மேல்தான் இருக்கும்.

அளவு. 24 மணி நேரத்தில் 2.5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அது "மழை நாள்". குன்னூரில் பகல் முழுக்க மஞ்சு இறங்கி, சட்டையெல்லாம் நனைந்து, தேயிலை இலையிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். மறுநாள் மழைமானியில் பார்த்தால் 1 மில்லிமீட்டர்கூட இருக்காது. நமக்கு அது மழை, கணக்கில் அது மழை நாள் இல்லை.

ஆரஞ்சு அலர்ட் விட்டு, பள்ளிக்கு லீவும் விட்டார்கள். வெயில் அடித்தது. எச்சரிக்கைகளுக்கும் இதே மார்க்தானா?

எச்சரிக்கைக்கு இரண்டு எண்களைச் சேர்த்துப் பார்ப்பார்கள். கனமழை வந்த நாட்களில் எத்தனைக்கு முன்பே சொன்னார்கள் என்பது ஒன்று. சொன்னவற்றில் எத்தனை வீணாயின என்பது இன்னொன்று. 10 எச்சரிக்கையில் 4 பலித்து 6 வீணாகி, சொல்லாமல் வந்த கனமழை 1 என்றால், வந்த ஐந்தில் நான்கைப் பிடித்திருக்கிறார்கள், 80 சதவீதம். வீணானவை 60 சதவீதம். இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். தினமும் எச்சரிக்கை விட்டால் முதல் எண் 100 ஆகிவிடும். எச்சரிக்கையே விடாவிட்டால் வீணானது ஒன்றுகூட இருக்காது.

எவ்வளவு வீண் எச்சரிக்கையைத் தாங்கலாம் என்பது, தப்பினால் என்ன இழப்பு என்பதைப் பொறுத்தது. உருளைக்கிழங்குக்குப் பின்கருகல் மருந்து அடிப்பவரை எடுத்துக்கொள்வோம். மருந்தும் கூலியும் சேர்த்து ஏக்கருக்கு 1,500 ரூபாய், அடித்த சில மணி நேரத்தில் மழை வந்தால் அத்தனையும் கழுவிக்கொண்டு போய்விடும் என்று வைப்போம். ஒரு நாள் தள்ளிப்போட்டால் ஆள் கூலி ஏற்பாட்டில் 300 ரூபாய் நஷ்டம். 300-ஐ 1,500-ஆல் வகுத்தால் 0.2. மழை வாய்ப்பு 20 சதவீதத்தைத் தாண்டினாலே அவர் தள்ளிப்போடுவது நல்லது. அப்படித் தள்ளிப்போடும் நாட்களில் பாதிக்கு மேல் மழை வராமலே போகலாம், அப்போதும் பருவ முடிவில் லாபம் அவருக்குத்தான். துணி காயப்போடுபவருக்கு அதே 20 சதவீதம் ஒரு பொருட்டே இல்லை.

2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பக்கம் மண்சரிவில் போன உயிர்களை நினைத்துப் பார்த்தால், இந்தப் பின்னம் எவ்வளவு கீழே இறங்கும் என்று புரியும். ஒரு நாள் பள்ளி நடக்காமல் போவதன் இழப்பு மிகச் சிறியது, சரிவின் அடியில் இருக்கும் வீட்டின் இழப்பு அளவிட முடியாதது. குறைந்த வாய்ப்பிலேயே எச்சரிக்கை விடத்தான் வேண்டும், விட்டால் பல தடவை வெயில் அடிக்கத்தான் செய்யும்.

அப்படியானால் யாரையுமே மோசமான கணிப்பாளர் என்று சொல்ல முடியாதா?

தாராளமாகச் சொல்லலாம். போதுமான நாள் பார்த்த பிறகும் அவருடைய திறன் மதிப்பெண் எதிர்மறையாக இருந்தால் சொல்லலாம். 70 என்று சொன்ன நாட்களில் பாதிகூடப் பெய்வதில்லை என்று தெரிந்தால் சொல்லலாம். வருடம் முழுக்க 40, 50 என்ற எண்களையே சொல்லிக்கொண்டு, மழை நாளுக்கும் வெயில் நாளுக்கும் வித்தியாசமே காட்டாதவரையும் சொல்லலாம். அவருடைய எண்கள் சராசரியாகப் பொருந்தியே இருந்தாலும், நாளைக்கு மருந்து அடிக்கலாமா என்று கேட்பவருக்கு அவரால் ஒரு உபயோகமும் இல்லை. பொய்த்த கணிப்பை அழித்துவிட்டு, பலித்ததை மட்டும் விட்டுவைப்பவருக்கு மார்க் போடவே கூடாது.

ஒரே ஒரு நாள் போதும் என்ற இடமும் உண்டு. ஒருவர் 0 சதவீதம், வாய்ப்பே இல்லை என்று அடித்துச் சொல்லி, அன்று மழை பெய்துவிட்டால், அந்த 0 தப்பு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 100-க்கும் அப்படியே. மடக்கையை வைத்துப் போடும் இன்னொரு மார்க் முறையில் இதற்கு அபராதம் முடிவிலி, அதற்குப் பிறகு எத்தனை நாள் சரியாகச் சொன்னாலும் மீள முடியாது. மலையில் 0, 100 என்ற எண்களைத் தாராளமாக வீசுபவரிடம் நான் எச்சரிக்கையாகத்தான் இருப்பேன்.

இன்னொன்று, நாளைக்குச் சொன்னதையும் ஐந்து நாள் தள்ளிச் சொன்னதையும் ஒரே பெட்டியில் போட்டுவிடாதீர்கள். ஐந்தாம் நாள் கணிப்பில் பிழை அதிகமிருப்பது இயல்பு. தனித்தனியாகத்தான் மார்க் போட வேண்டும்.

நானே வீட்டில் கணக்கு வைத்துப் பார்க்கலாமா? என்ன வேண்டும்?

ஒரு புனல், ஒரு பாட்டில், மில்லிலிட்டர் கோடு போட்ட குவளை, ஒரு நோட்டு. வாய் 16 சென்டிமீட்டர் அகலமுள்ள புனலின் பரப்பு ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர். அதில் விழும் 20 மில்லிலிட்டர் தண்ணீர் 1 மில்லிமீட்டர் மழை. ஆக, பாட்டிலில் 50 மில்லிலிட்டர் இருந்தால் 2.5 மில்லிமீட்டர், அது மழை நாள். புனலை மரத்தடியிலோ கூரை ஓரத்திலோ வைக்காதீர்கள். சில்வர் ஓக் மரத்துக்குக் கீழே வைத்தால், மஞ்சில் இலை சொட்டுவதும் மழையாகச் சேர்ந்துவிடும். புனல் சாயாமல் நேராக இருக்க வேண்டும். தினமும் காலை 8.30-க்கு அளந்து கொட்டிவிட வேண்டும்.

கணிப்பைக் காலை 8.30-க்கு முன்பே எழுதிவிடுங்கள், ஒரே இடத்திலிருந்து, ஒரே ஊருக்கு. அது 8.30 முதல் மறுநாள் 8.30 வரைக்கானதாக இருந்தால் நல்லது. பெய்த பிறகு நினைவிலிருந்து எழுதினால், பொய்த்த நாட்கள் மட்டும்தான் ஞாபகத்துக்கு வரும். எழுதாமல் விட்ட நாளை விட்டதாகவே விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். கணினியில் வைப்பதாக இருந்தால், B-யில் சதவீதம், C-யில் 1 அல்லது 0, D-யில் பிழை:

```
=IF(OR(B2="",C2=""),"",(B2/100-C2)^2)
=AVERAGE(D2:D101)
```

முதல் வரியை D2-இலிருந்து D101 வரை இழுத்துவிடுங்கள், இரண்டாவது நூறு நாள் சராசரி. பக்கத்திலேயே இன்னொரு பத்தியில், உங்கள் ஊரில் அந்த மாதத்தில் வழக்கமாக எத்தனை சதவீத நாள் மழை பெய்யும் என்ற எண்ணை வைத்து அதே கணக்கைப் போடுங்கள். பல தேயிலைத் தோட்ட அலுவலகங்களில் வருடக்கணக்கான மழைப் பதிவேடு இருக்கும், கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் இன்ச் கணக்கில் எழுதியிருப்பார்கள். ஒரு இன்ச் 25.4 மில்லிமீட்டர், அதனால் 0.1 இன்சும் அதற்கு மேலும் பதிவான நாட்களை மழை நாளாக எண்ணிக்கொள்ளலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு கணக்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு கணக்கு என்று பிரித்து வையுங்கள், ஏனென்றால் கோத்தகிரியில் ஆகஸ்ட் மழையைப் பிடிப்பதும் நவம்பர் மழையைப் பிடிப்பதும் இரண்டு வேறு வேலைகள்.